கேஸ் பேக்கர், மூன்று வருடம்: மியூட்டிங் தின்ற பிரேக்

போன வாரம் எங்கள் கேஸ் பேக்கரில், அதாவது பொருட்களைப் பெட்டியில் அடுக்கும் மெஷினில், கிரிப்பர் கையின் பிரேக் லைனிங் மாற்றினோம். அதே நாளில் ஒரு நண்பர் கூப்பிட்டு, "உங்ககிட்ட இருக்கற அதே மெஷின் பாக்கறோம். லைட் கர்ட்டன், மியூட்டிங் எல்லாம் எப்படி?" என்று கேட்டார். கையில் இன்னும் கிரீஸ் போகவில்லை. அந்த நேரத்தில் என்ன பதில் வரும்! கொஞ்சம் ஆறியபிறகு எழுதுகிறேன். வேகம், பெட்டி அளவு எல்லாம் கேட்லாக்கிலேயே இருக்கிறது. நான் பேசப்போவது பெட்டி வெளியே வரும் அந்த வாயைப் பற்றி மட்டும்.

வாயில் ஒரு லைட் கர்ட்டன்: ஒளிக்கதிர் வரிசை, கை குறுக்கே வந்தால் மெஷினை நிறுத்தும். ரெசல்யூஷன் 30 மி.மீ., அதாவது அந்தத் தடிமன் உள்ள எதையும் கவனித்துவிடும். பெட்டி கர்ட்டனைத் தாண்டித்தான் வெளியே வரவேண்டும் என்பதால் இரண்டு மியூட்டிங் சென்சார்களைக் குறுக்காகப் போட்டிருக்கிறார்கள். இரண்டு கதிரும் வெட்டிக்கொள்ளும் புள்ளி கர்ட்டனுக்கு உள்பக்கம், மெஷின் பக்கம் இருக்கிறது. வெளியே நிற்கிற ஆள் கர்ட்டனைத் தொடாமல் இரண்டையும் சேர்த்து மறைக்க முடியாது. உள்ளிருந்து வரும் பெட்டி இரண்டையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் மறைக்கும். அப்போது கர்ட்டன் சற்று நேரம் கண்ணை மூடிக்கொள்ளும், அதுதான் மியூட்டிங். ஒரு சென்சாரில் டேப் ஒட்டி ஏமாற்றப் பார்த்தால் நடக்காது. இரண்டும் சிறிய இடைவெளிக்குள் மறைய வேண்டும், இல்லையென்றால் மியூட்டிங் தொடங்கவே தொடங்காது. எங்கள் ஷிப்டில் ஒருவர் முயன்று பார்த்துவிட்டார், அதனால் உறுதியாகச் சொல்கிறேன். இதுவரை குறையே இல்லை.

எரிச்சல் இங்கே ஆரம்பிக்கிறது. எங்கள் பெட்டி 400 மி.மீ. நீளம். கன்வேயர் ஓடினால் வாயை மூன்று செகண்டுக்குள் கடந்துவிடும். மியூட்டிங்கின் அதிகபட்ச நேரத்தை 10 செகண்ட் என்று வைத்திருந்தார்கள். ஆனால் அடுத்து இருக்கிற, பெட்டிகளைப் பலகைமேல் அடுக்கும் பல்லடைசர் நின்றால் பெட்டிகள் பின்னால் தேங்கும், கன்வேயரும் நிற்கும். ஒரு பெட்டி சரியாகக் கர்ட்டன் நடுவில் நிற்கும். பத்தாவது செகண்டில் மியூட்டிங் முடியும், கர்ட்டன் பெட்டியைப் பார்த்து 'ஆள்!' என்று நினைத்துக்கொள்ளும், மெஷின் பட்டென்று நிற்கும். அப்புறம் ஓவர்ரைடு சாவியைத் திருப்பிப் பிடித்தபடி நின்று, வாயைப் பார்த்துக்கொண்டே பெட்டியை வெளியே தள்ளவேண்டும். கையை எடுத்தால் சாவி தானாகத் திரும்பிவிடும். இது சரியான அமைப்புதான். ஒரு ஷிப்டில் முப்பது தடவை செய்யவேண்டி வந்தால்தான் வயிறு எரிகிறது.

அந்த நேரத்தைப் பத்து நிமிடமாக ஏற்றிவிடலாமே என்று ஒருவர் யோசனை சொன்னார். வேண்டவே வேண்டாம். சென்சார்கள் அழுக்கிலோ கோளாறிலோ மறைந்தபடியே நின்றுவிட்டால், கர்ட்டனை மறுபடி விழிக்கவைப்பது அந்த நேர வரம்புதான்.

சரியான வழி வேறு. மியூட்டிங் கன்ட்ரோலரில் கன்வேயர் ஓடுகிறதா நிற்கிறதா என்று சொல்வதற்கு ஒரு உள்ளீடு இருக்கிறது. கன்வேயர் நின்றால் நேரக் கணக்கும் நிற்கும், ஓடினால் தொடரும். பெட்டியே வாயை அடைத்துக்கொண்டு நிற்பதால் அந்த இடைவேளையில் கை நுழைய இடமில்லை. மெஷின் கொடுத்தவர்கள் அந்த டெர்மினலுக்கு ஒயரே இழுக்கவில்லை! மூன்று வருடம் நாங்கள் சாவியைத் திருப்பிக்கொண்டிருந்தோம். இதைக் கண்டுபிடித்த இரவு எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது. கையேட்டை முதல் மாதமே ஒழுங்காகப் படிக்காத என் மீதும்தான் கோபம்.

இது வெறும் சிரமம் என்றுதான் நினைத்திருந்தேன். இல்லை. மியூட்டிங் தப்பும்போதெல்லாம் மெஷின் சாதாரணமாக நிற்காமல், முழு வேகத்தில் வரும் கிரிப்பர் கையைப் பிரேக் பிடித்து நிறுத்துகிறது. தினமும் பலமுறை, மூன்று வருடம். லைனிங் தேயாமல் என்ன செய்யும்?

பாதுகாப்பு தூரக் கணக்கு இங்கேதான் வருகிறது. ஐஎஸ்ஓ 13855-இன் 2010 பதிப்பு தந்த சூத்திரம் எளிது:

S = K × T + C

S என்பது கர்ட்டனிலிருந்து ஆபத்தான இடம்வரை வேண்டிய தூரம். K கை வரும் வேகம், முதலில் 2000 மி.மீ./செகண்ட் என்று எடுக்கிறோம். T மொத்த நிற்கும் நேரம். C என்பது கர்ட்டன் கவனிக்கும் முன் விரல் எவ்வளவு நுழையலாம் என்பதற்கான சேர்ப்பு: 8 × (30 − 14) = 128 மி.மீ.

மெஷின் வந்த புதிதில் அளந்தது: கர்ட்டனுக்கு 15, சேஃப்டி ரிலேக்கு 20, கான்டாக்டரும் பிரேக்கும் சேர்ந்து கை முழுதாக நிற்க 150, ஆக 185 மில்லிசெகண்ட். 2000 × 0.185 + 128 = 498. கர்ட்டனை 510 மி.மீ. தூரத்தில் மாட்டினார்கள். கச்சிதம்.

இப்போது பிரேக் மாற்றும் முன் அளந்தோம். முழு வேகம், முழு சுமை, பத்து தடவை, அதில் பெரிய எண். கை நிற்க 150 ஆக இருந்த இடத்தில் 240 வந்தது. T 275 ஆகிவிட்டது. 2000 வேகத்தில் போட்டால் 678. விடை 500-ஐத் தாண்டினால் 1600 வேகத்தில் மறுபடி போடலாம் என்று விதி அனுமதிக்கிறது, ஆனால் விடை 500-க்குக் கீழே போகக்கூடாது. 1600 × 0.275 + 128 = 568. மாட்டியிருப்பது 510. 58 மி.மீ. குறைவு. கர்ட்டனில் பச்சை விளக்கு அத்தனை நாளும் அழகாக எரிந்துகொண்டிருந்தது. அது கையைப் பார்க்கிறது, சொல்கிறது. இயந்திரம் எவ்வளவு தாமதமாகக் கேட்கிறது என்று அதற்குத் தெரியாது.

இதைக் கவனித்தது நானில்லை, பேக்கிங்கில் இருக்கும் அக்கா ஒருவர். "மெஷின் நின்னா இந்தக் கை முன்னாடி இங்க நிக்கும், இப்ப ஒரு சாண் கீழ வந்து நிக்குது சார்" என்றார். ஒரு சாண் கொஞ்சம் மிகைதான், நான்கு விரல் இருக்கும். அத்தனை தடவை நின்றதால்தான் அவர் கண்ணில் பட்டது என்பதை நினைத்தால் சிரிப்பா எரிச்சலா தெரியவில்லை.

புது லைனிங்குக்குப் பிறகு 158 வந்தது, T 193. 2000 வேகத்தில் 514, அதனால் 1600-இல் போட்டால் 437, விதிப்படி 500 என்று எடுக்கவேண்டும். 510 போதும். கை நிற்கும் நேரத்தை இனி ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளப்போம். 200-ஐத் தாண்டினால் மெஷின் ஓடாது என்று பலகையில் எழுதி வைத்திருக்கிறேன். அப்போது T 235, S 504. விளிம்பில் வைத்த எல்லைதான், தெரிந்தேதான் வைத்தேன்.

மெஷின் நல்ல மெஷின். மூன்று வருடத்தில் கர்ட்டன் ஒருமுறைகூடப் பொய் சொல்லவில்லை, டிஸ்ப்ளேயில் வரும் எரர் எண் அப்படியே காரணத்தைக் காட்டுகிறது, உதிரி பாகம் தாமதமில்லாமல் கிடைக்கிறது. நண்பரிடம் அன்று என்ன சொன்னேன்? "வாங்காதீங்க." அடுத்த லைனுக்கு நாங்கள் கேட்டிருப்பதும் இதே மாடல்தான். இந்தத் தடவை கன்வேயர் உள்ளீட்டு ஒயரை என் கண்முன்னால் இழுத்து, பெட்டியைக் கர்ட்டன் நடுவில் ஐந்து நிமிடம் நிறுத்திக் காட்டினால்தான் கையெழுத்து.