இதய நோயாளி இருக்கும் வீட்டில் புகையைக் குறைக்க நாங்கள் பயன்படுத்துபவை: நீண்ட கால அனுபவம்

அம்மாவின் இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்த பிறகு எங்கள் வீட்டுக்கு நான்கு பொருட்கள் வந்தன. காற்றிலுள்ள நுண்துகளை அளக்கும் சிறிய கருவி, சமையலறைக்குப் புகைபோக்கி, படுக்கையறைக்கு ஏர் ப்யூரிஃபையர், வெளியே போகும்போது போட்டுக்கொள்ள என்95 முகக்கவசம். சில ஆண்டுகளாக நான்கையும் தொடர்ந்து பயன்படுத்துகிறோம். இவற்றில் எது அதிகம் உதவியது என்று கேட்டால், தயங்காமல் புகைபோக்கி என்றுதான் சொல்வேன். விளம்பரங்களைப் பார்த்தால் ப்யூரிஃபையர்தான் முதலில் வேண்டும் என்று தோன்றும். எங்கள் வீட்டில் அது இரண்டாம் இடம்தான்.

புகை என்றதும் எல்லோரும் நுரையீரலைத்தான் நினைக்கிறோம். ஆனால் 2.5 மைக்ரானுக்கும் சிறிய துகள்கள், அதாவது பி.எம். 2.5, நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய்விடும். தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு அளவு அது. அங்கே அது உண்டாக்கும் அழற்சி அங்கேயே நிற்பதில்லை. ரத்தக் குழாய்ச் சுவர் தளர்ந்து விரியும் திறன் குறைகிறது, ரத்தத் தட்டணுக்கள் எளிதில் ஒட்டிக்கொள்கின்றன, ரத்த அழுத்தம் ஏறுகிறது. இவற்றில் சில மாற்றங்கள் புகையைச் சுவாசித்த சில மணி நேரத்திலேயே நடக்கும். குழாய் ஏற்கெனவே சுருங்கியிருப்பவருக்கு ஆண்டு சராசரி மட்டும் முக்கியமல்ல, ஒரு மாலைப் பொழுதில் சட்டென்று ஏறும் அளவும் முக்கியம். உலக சுகாதார அமைப்பு 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் ஒரு கன மீட்டர் காற்றில் ஆண்டு சராசரி 5 மைக்ரோகிராம், 24 மணி நேரச் சராசரி 15 மைக்ரோகிராம் என்று இருக்கிறது. ஒருமுறை எண்ணெயில் பொரித்தால் வீட்டுக்குள் இதைப் பல மடங்கு தாண்டிவிடும்.

அதைக் கண்ணுக்குக் காட்டியது அந்தச் சிறிய கருவி. ஜன்னல்களை மூடி, புகைபோக்கியை ஓட விடாமல் பொரித்த ஒரு மாலையில், 25ஐ ஒட்டி இருந்த கூடத்து அளவு பத்தே நிமிடத்தில் 300ஐத் தாண்டியது. படுக்கையறைக் கதவு திறந்திருந்ததால் அங்கேயும் 100க்கு மேல் போனது. அம்மா அப்போது அந்த அறையில் படுத்திருந்தார், அடுப்புப் பக்கமே வரவில்லை. அடுப்பை அணைத்து ஒரு மணி நேரம் ஆன பிறகும் அளவு பழைய நிலைக்கு இறங்கவில்லை. வாசனை போய்விட்டதால் புகையும் போய்விட்டது என்று நினைத்துவிடுவோம். கருவி அப்படிச் சொல்லவில்லை.

பிறகு அதே சமையலை வேறு விதமாகச் செய்து பார்த்தோம். அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே புகைபோக்கியைப் போட்டுவிட்டோம். சுவரை ஒட்டிய பின்பக்க அடுப்பில் சட்டியை வைத்தோம், ஏனென்றால் முன்பக்க அடுப்பின் புகையில் ஒரு பகுதி புகைபோக்கியின் விளிம்புக்கு வெளியே நழுவிவிடுகிறது. எண்ணெய் புகையும் அளவுக்குக் காயவிடவில்லை. படுக்கையறைக் கதவைச் சாத்தினோம். அடுப்பிலிருந்து தள்ளியிருந்த ஒரு ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தோம். வெளியேறும் காற்றுக்கு ஈடாக உள்ளே காற்று வர வழி இல்லாவிட்டால், புகைபோக்கி சத்தம் மட்டும்தான் போடும். அடுப்பை அணைத்த பின்னும் கால் மணி நேரம் ஓட விட்டோம். அன்று சமையலறையிலேயே அளவு 80ஐ ஒட்டித்தான் ஏறியது. படுக்கையறையில் பெரிய மாற்றமே இல்லை.

புகைபோக்கி வாங்க நினைப்பவர்கள் ஒன்றை மட்டும் கட்டாயம் பார்க்க வேண்டும். அது காற்றைக் குழாய் வழியே வீட்டுக்கு வெளியே தள்ளுகிறதா, அல்லது வடிகட்டிவிட்டு மறுபடியும் சமையலறைக்குள்ளேயே விடுகிறதா? இரண்டாவது வகை எண்ணெய்ப் பிசுக்கைப் பிடிக்கும், ஆனால் மிக நுண்ணிய துகளும் வாயுவும் பெரும்பாலும் திரும்பி வந்துவிடும். வெளியேற்றும் வகையிலும் குழாய் நீளமாகி, வளைவுகள் கூடினால் இழுவை குறையும். ஒரு மெல்லிய காகிதத் துண்டை வலையருகே பிடித்துப் பாருங்கள். ஒட்டிக்கொண்டு நின்றால் இழுவை இருக்கிறது. எங்கள் வீட்டில் அது விழத் தொடங்கும்போதெல்லாம் வலையில் எண்ணெய் அடைத்திருக்கும், வெந்நீரில் சோப்புப் போட்டுக் கழுவியதும் சரியாகிவிடும். சத்தத்துக்குப் பயந்து புகைபோக்கியை அணைத்து வைப்பதைவிட, குறைந்த வேகத்தில் தினமும் ஓட விடுவது எவ்வளவோ மேல்.

அளவுக் கருவியை முழுதாக நம்பிவிடவும் கூடாது. அது லேசர் ஒளிச் சிதறலை வைத்துத் துகளைக் கணிக்கிறது, அதனால் கொதிக்கும் நீரின் ஆவியையும் துகள் என்று எண்ணிவிடும். அடுப்பிலிருந்து தள்ளி, உட்கார்ந்தால் மூக்கு இருக்கும் உயரத்தில் வைப்பது நல்லது. வாயுக்கள் அதன் கண்ணில் படவே படாது. எரிவாயு அடுப்பு நீல நிறமாக எரிந்தாலும் நைட்ரஜன் டை ஆக்சைடு வரும், கருவியின் எண் அசையாது. கார்பன் மோனாக்சைடுக்குத் தனி அலாரம்தான் வேண்டும். அடுப்பு எரியும்போது வீட்டில் ஒன்றுக்கு மேற்பட்டவர்களுக்குத் தலைவலி, தலைசுற்றல் வந்தால் உடனே எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும்.

ப்யூரிஃபையரில் பார்க்க வேண்டியது சி.ஏ.டி.ஆர். என்ற எண், அதாவது ஒரு மணி நேரத்தில் அது தரும் சுத்தமான காற்றின் அளவு. எங்கள் படுக்கையறை 12 சதுர மீட்டர், உயரம் 2.8 மீட்டர், ஆக 34 கன மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. மணிக்கு ஐந்து முறை காற்று சுத்தமாக வேண்டும் என்றால் 170 கன மீட்டர் தேவை. பெட்டியில் போட்டிருப்பது உச்ச வேகத்துக்கான எண். அந்த வேகத்தில் சத்தம் அதிகம், தூங்க முடியாது. அதனால் இரவில் மிதமான வேகத்திலேயே 170 கிடைக்கும்படி பெரியதாக வாங்கினோம், அந்த முடிவு இன்றுவரை பலன் தருகிறது. ஹெப்பா ஃபில்டர் துகளைத்தான் பிடிக்கும். வாயுவுக்கென்று வைத்திருக்கும் மெல்லிய கரித் தாள் சீக்கிரம் நிரம்பிவிடும், அதை நான் கணக்கிலேயே எடுப்பதில்லை. ஓசோன் வெளியிடும் வகை இதய நோயாளி இருக்கும் வீட்டுக்கு வேண்டவே வேண்டாம். சமையலறைக்குள் வைத்தால் எண்ணெய்ப் பிசுக்கு ஃபில்டரை அடைத்துவிடும்.

வெளியே நடப்பதில் பொருளைவிடப் பாதைதான் பெரிது. லண்டனில் நடந்த ஓர் ஆய்வு 2018இல் லான்செட் இதழில் வந்தது. அதில் இதய நோயாளிகள், நுரையீரல் நோயாளிகள் உள்ளிட்ட முதியவர்களை ஒரு நாள் ஹைட் பூங்காவிலும் இன்னொரு நாள் வாகன நெரிசல் மிகுந்த ஆக்ஸ்ஃபோர்டு தெருவிலும் நடக்க வைத்தார்கள். பூங்காவில் நடந்தபோது ரத்தக் குழாய்களின் விறைப்பு நன்றாகக் குறைந்தது. நெரிசல் தெருவில் அந்தப் பலன் பெரிதும் தேய்ந்துபோனது. அதே நடை, பலனில் அவ்வளவு வித்தியாசம். அதைப் படித்த பிறகு அம்மா பிரதான சாலையை விட்டுவிட்டு உள் தெருக்களில்தான் நடக்கிறார், அதுவும் வாகனங்கள் பெருகும் நேரத்தைத் தவிர்த்து.

சாலையைத் தவிர்க்க முடியாத நாளில் என்95. துணி முகக்கவசம் இந்தத் துகள்களை அதிகம் தடுக்காது. என்95ஆக இருந்தாலும் மூக்கோரம் இடைவெளி விட்டால் பயனில்லை. வேகமாக மூச்சை விட்டு, விளிம்பில் காற்று கசிகிறதா என்று கையால் தடவிப் பார்ப்போம். வாகனங்களின் வாயுவை அது நிறுத்தாது. மூச்சு முட்டினால் நடையை நிறுத்தி, ஒதுங்கிக் கழற்றிவிட வேண்டும். நெஞ்சு இறுகினால் அது முகக்கவசத்தால் என்று நினைத்து உட்கார்ந்திருக்காமல் உடனே அவசர உதவியை அழைக்க வேண்டும்.

காரில் நெரிசலுக்குள் நுழையும்போது ஜன்னலை ஏற்றி, காற்று உள்ளேயே சுழலும்படி மாற்றிக்கொள்கிறோம். ஆனால் அப்படியே விட்டால் நாம் விடும் மூச்சிலிருந்து கரியமில வாயு சேர்ந்து அசதி வரும். அதனால் நெரிசல் தீர்ந்ததும் வெளிக்காற்றைத் திறந்துவிடுகிறோம்.