ஒழுகும் மிக்சி ஜாரும் இரண்டு விதமான பார்வையாளர்களும்

வீட்டுச் சாமான் ரிப்பேர் வீடியோக்களைச் சில வருடங்களாக யூடியூபிலும் இன்ஸ்டாகிராம் ரீல்ஸிலும் போட்டு வருகிறேன். தலைப்பு, விவரம், டேக் என எதற்கு மெனக்கெடுவது என்பது இரண்டு இடத்திலும் நேர்மாறு. மிக்சி ஜாரின் அடியில் தண்ணீர் கசிவதைச் சரிசெய்யும் வீடியோவை வைத்தே சொல்கிறேன்.

யூடியூபுக்கு வருகிறவர் ஒழுகும் ஜாரைக் கையில் வைத்துக்கொண்டு தேடுகிறார். யூடியூப் ஸ்டுடியோவில் "யூடியூப் தேடல்" பகுதியைத் திறந்தால் அவர் எழுதிய சொற்களே கிடைக்கும். பலர் `mixie jar leak tamil` என்று ஆங்கில எழுத்தில் அடிக்கிறார்கள். சிலர் "மிக்சி ஜார் ஒழுகுது" என்று தமிழிலேயே தேடுகிறார்கள். நமக்குத் தெரிந்த "புஷ் மாற்றுவது எப்படி" என்பதை யாரும் தேடுவதில்லை. பிளேடின் தண்டைத் தாங்கும் புஷ்தான் தேய்ந்திருக்கிறது என்று தெரிந்தவருக்கு வீடியோவே தேவையில்லையே! எனவே கோளாறின் பெயர் தலைப்பின் முன்பக்கம் வர வேண்டும், இரண்டு எழுத்திலும்.

இங்கே இடம்தான் சிக்கல். தலைப்பின் வரம்பு 100 எழுத்துக்குறிகள். தமிழில் புள்ளியும் கொம்பும் தனித்தனியாக எண்ணப்படுகின்றன. "மிக்சி" நம் கணக்கில் 3 எழுத்து, அங்கே 6. அதனால் "முழு விளக்கம்", "பயனுள்ள தகவல்" போன்ற சொற்களை நான் தொடுவதே இல்லை. `mixi`, `mixy` போன்ற எழுத்துப் பிழைகளை டேக்கில் போடுகிறேன். டேக்கின் பயன் பெரும்பாலும் அவ்வளவுதான் என்று யூடியூபே சொல்கிறது. விவரத்தில் நேரக் குறிப்புகள் கண்டிப்பாக உண்டு:

```
00:00 கசிவு எங்கே என்று பார்ப்பது
01:10 பிளேடைக் கழற்றுதல்
03:25 புஷ், வாஷர் மாற்றுதல்
```

முதல் குறிப்பு 00:00 ஆகவும், குறைந்தது மூன்று குறிப்புகளும் இருந்தால்தான் அவை அத்தியாயங்களாகப் பிரியும்.

ரீல்ஸில் யாரும் எதையும் கேட்டு வரவில்லை. விரலால் தள்ளிக்கொண்டே போகிறவர் கேப்ஷனைப் படிக்குமுன் அடுத்ததற்குப் போய்விடுவார். அங்கே தலைப்பின் வேலையைச் செய்வது முதல் காட்சியும் அதன்மேல் உள்ள எழுத்தும்தான். பெயர் சொல்லி, வணக்கம் சொல்லி ஆரம்பிக்காமல், ஜாரைத் தூக்கியதும் அடியிலிருந்து கறுப்புத் தண்ணீர் சொட்டுவதைக் காட்டி, "இந்தக் கறுப்பு சட்னியிலும் கலக்கும்" என்று எழுதுகிறேன். அந்த வரியைத் திரையின் நடுவுக்குச் சற்று மேலே வைக்க வேண்டும். கீழே வைத்தால் கணக்கின் பெயரும் கேப்ஷனும் மறைக்கும். வலது ஓரத்தில் லைக், ஷேர் பொத்தான்கள் மறைக்கும்.

ஹேஷ்டேக் குவிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ரீல்ஸில் சராசரியாக எவ்வளவு நேரம் பார்த்தார்கள், எத்தனை பேர் பிறருக்கு அனுப்பினார்கள் என்பதைத்தான் பார்க்கிறேன். எத்தனை பேர் தொடர்ந்து பார்க்கிறார்கள் என்று காட்டும் கோடு முதல் சில நொடியிலேயே சரிந்தால் கேப்ஷனைத் திருத்திப் பயனில்லை, தொடக்கத்தைத்தான் வெட்டி மாற்றிப் போட வேண்டும். யூடியூபில் அப்படியில்லை. தேடல் சொற்களைப் பார்த்துத் தலைப்பை மட்டும் மாற்றினாலே பழைய வீடியோவுக்கும் ஆள் வர வாய்ப்புண்டு.

ஆனாலும் இன்ஸ்டாகிராமிலும் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காகக் கேப்ஷனின் முதல் வரியில் "மிக்சி ஜார் அடியில் கசிவு" என்று நேராக எழுதிவிடுகிறேன்.