பாரிசில் மூன்று மணி என்றால் புதுச்சேரியில் எத்தனை மணி? யூடிசி நினைவூட்டலுடன் எங்கள் அனுபவம்

புதுச்சேரியிலிருந்து நாங்கள் நடத்தும் இணையவழித் தமிழ் வகுப்புகளில் படிக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் இந்தியாவில் இல்லை. 1962இல் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள். பாரிசையும் அதன் புறநகர்களையும் சேர்ந்தவர்கள் பாதிப்பேர். ரெயூனியன் தீவில் சிலரும் மொன்றியலில் சிலரும் இருக்கிறார்கள். ஞாயிறு வகுப்பை எடுப்பவர் முத்தியால்பேட்டையில் இருக்கும் ஆசிரியர். சனிக்கிழமை வகுப்பை எடுக்கும் அம்மா பாரிசில் வசிக்கிறார். ஒவ்வொரு வகுப்புக்கும் முதல் நாளும் அன்றைய தினமும் பெற்றோருக்கு வாட்ஸ்அப்பில் தானாகவே ஒரு நினைவூட்டல் போகும். அந்தச் செய்தியை அனுப்பும் சிறு நிரலைத்தான் இங்கே மதிப்பிடுகிறேன். கோடைக்காலம், குளிர்காலம் இரண்டையும் அது கடந்துவிட்டது என்பதால் இப்போது எழுதுவதில் பொருள் இருக்கிறது. நேரம் பற்றிய நிரல்களை ஒரே பருவத்தில் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது.

அடிப்படை எளிது. வகுப்பு தொடங்கும் கணத்தை உலகப் பொது நேரத்தில், அதாவது யூடிசியில், சேமிக்கிறோம். செய்தி அனுப்பும்போது பெறுபவரின் ஊர் நேரத்துக்கு மாற்றிக் காட்டுகிறோம். புதுச்சேரி யூடிசியைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறது, ரெயூனியன் நான்கு மணி நேரம் முன்னால். இந்த இரண்டு ஊர்களிலும் கடிகாரத்தை ஆண்டு முழுவதும் யாரும் திருப்புவதில்லை. பாரிஸ் குளிர்காலத்தில் ஒரு மணி நேரமும் கோடையில் இரண்டு மணி நேரமும் முன்னால் இருக்கும். மொன்றியல் குளிர்காலத்தில் ஐந்து மணி நேரமும் கோடையில் நான்கு மணி நேரமும் பின்தங்கியிருக்கும். ஞாயிறு வகுப்பு இங்கே இரவு 8 மணிக்கு. யூடிசியில் அது எப்போதும் 14:30தான். பாரிசில் கோடையில் மாலை 4.30க்கும் குளிர்காலத்தில் 3.30க்கும் வரும். இந்த வகுப்பில் எந்தச் சிக்கலும் எங்களுக்கு வந்ததில்லை.

சிக்கல் சனிக்கிழமை வகுப்பில்தான் இருந்தது. முன்பு நாங்கள் கட்டணம் செலுத்திப் பயன்படுத்திய ஒரு சேவையும் யூடிசியில்தான் நேரத்தைச் சேமித்தது. வாரந்தோறும் நடக்கும் வகுப்பு என்று பதிவு செய்ததும், முதல் வகுப்பின் யூடிசி நேரத்தை எடுத்து அதனுடன் ஏழேழு நாள்களைக் கூட்டிக்கொண்டே போனது. பாரிசில் பிற்பகல் 3 மணி என்பது கோடையில் யூடிசி 13:00. ஐரோப்பாவில் அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தைத் திருப்பிய பிறகும் அது 13:00ஐயே பிடித்துக்கொண்டிருந்தது. அந்த வாரம் பாரிஸ் அம்மா தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, வகுப்பு மூன்று மணிக்குத்தானே? எனக்கு இரண்டு மணி என்று வந்திருக்கிறதே?" என்று கேட்டார். புதுச்சேரியில் இருந்த பெற்றோருக்கு அதே செய்தி வழக்கம்போல மாலை 6.30 என்று போயிருந்தது. அதனால் இங்கே ஒருவருக்கும் ஐயம் எழவில்லை.

இதிலிருந்துதான் எங்கள் நிரலின் முதல் விதி வந்தது. ஒரு கணத்தைச் சேமிக்க யூடிசி சரியான இடம். ஆனால் தொடர் வகுப்பு என்பது ஒரு கணம் அன்று. அது ஓர் ஊரின் கடிகாரத்துக்குக் கட்டுப்பட்ட ஏற்பாடு. ஆகவே தொடருக்கு "சனிக்கிழமை, 15:00, `Europe/Paris`" என்று ஊர் நேரத்தையும் மண்டலத்தின் பெயரையும் சேமிக்கிறோம். அதிலிருந்து ஒவ்வொரு வகுப்புக்கும் தனித்தனியாக யூடிசி நேரம் கணக்கிடப்படுகிறது. செய்தி அனுப்பும் பகுதி அந்த யூடிசி நேரத்தை மட்டும் பார்க்கும். பைத்தானில் இதற்குச் சில வரிகள் போதும்:

```python
from datetime import datetime
from zoneinfo import ZoneInfo

paris = ZoneInfo("Europe/Paris")
utc = ZoneInfo("UTC")
for m, d in [(10, 25), (11, 1)]:
    t = datetime(2025, m, d, 15, 0, tzinfo=paris)
    print(t.astimezone(utc))
# 2025-10-25 13:00:00+00:00
# 2025-11-01 14:00:00+00:00
```

யாருடைய கடிகாரம் தலைமைக் கடிகாரம் என்பதை நிரல் முடிவு செய்ய முடியாது. அதை மனிதர்கள் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். ஆசிரியரின் ஊரையே வைப்பது என்று நாங்கள் பெற்றோர் கூட்டத்தில் முடிவெடுத்தோம். ஏதோ ஓர் ஊருக்கு நேரம் மாறியே தீரும். முப்பது வீடுகளுக்காக ஓர் ஆசிரியரின் சனிக்கிழமையை மாற்றக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. வேறு குழுக்களுக்கு வேறு முடிவு பொருந்தலாம். ஆனால் முடிவு செய்யாமல் விட்டுவிட்டால், தலைமைக் கடிகாரம் யூடிசி ஆகிவிடும். அந்தக் கடிகாரத்தின்படி வாழ்பவர் எங்கள் குழுவில் ஒருவர்கூட இல்லை.

2025 அக்டோபர், நவம்பர் வாரங்கள் நிரலுக்கு உண்மையான தேர்வாக அமைந்தன. அக்டோபர் 25ஆம் தேதி சனிக்கிழமை பாரிசில் பிற்பகல் 3 மணி. புதுச்சேரியில் மாலை 6.30, ரெயூனியனில் மாலை 5, மொன்றியலில் காலை 9. மறுநாள் பிரான்ஸ் கடிகாரத்தைப் பின்னுக்குத் திருப்பியது. நவம்பர் 1ஆம் தேதி பாரிசில் அதே 3 மணி. ஆனால் புதுச்சேரியில் இரவு 7.30, ரெயூனியனில் மாலை 6. கனடா அதுவரை மாறவில்லை என்பதால் மொன்றியலில் காலை 10. நவம்பர் 2ஆம் தேதி அங்கேயும் கடிகாரத்தைத் திருப்பினார்கள். எனவே நவம்பர் 8ஆம் தேதி மொன்றியல் பிள்ளைகளுக்கு மீண்டும் காலை 9. அதாவது அவர்களுக்கு ஒரே ஒரு சனிக்கிழமை மட்டும் நேரம் தள்ளிப்போய்த் திரும்பி வந்தது. வசந்தத்தில் இந்த இடைவெளி இன்னும் நீளம். 2026இல் மொன்றியலின் மாற்றம் மார்ச் 8ஆம் தேதி, பாரிசின் மாற்றம் மார்ச் 29ஆம் தேதி. இடையில் 14, 21, 28 ஆகிய மூன்று சனிக்கிழமைகளிலும் மொன்றியலுக்கு வகுப்பு காலை 10 மணி.

நேரம் சரியாக இருந்தால் மட்டும் போதாது என்பதையும் அந்த வாரங்களில்தான் உணர்ந்தோம். வாரந்தோறும் ஒரே மாதிரி வரும் செய்தியை யாரும் எழுத்தெண்ணிப் படிப்பதில்லை. 6.30 என்று மனத்தில் பதிந்துவிட்டவர் கண்ணுக்கு 7.30 என்பது தெரியாமலே போகும். அதற்காக நாங்கள் சேர்த்த ஒரு சிறு ஏற்பாடுதான் இந்த நிரலில் எனக்கு மிகவும் பிடித்தது. செய்தியை அனுப்புமுன், அந்தப் பெற்றோரின் ஊர் நேரத்தில் சென்ற வகுப்பு எத்தனை மணிக்கு இருந்தது, இந்த வகுப்பு எத்தனை மணிக்கு இருக்கிறது என்று நிரல் ஒப்பிடும். வேறுபாடு இருந்தால் மட்டும் முதல் வரியாக இதைச் சேர்க்கும்:

"கவனிக்கவும்: சென்ற வாரம் மாலை 6.30. இந்த வாரம் இரவு 7.30."

அதன் கீழே கிழமை, தேதி, உள்ளூர் நேரம், அந்த நேரம் எந்த ஊருக்குரியது என்பது. கடைசியில் ஆசிரியர் ஊரின் நேரமும் வரும். ஊர்ப் பெயரை எழுதாமல் வெறும் மணியை மட்டும் காட்டுவதை நான் ஏற்கவே மாட்டேன். ஒரு வீட்டுக்கு வந்த செய்தியை இன்னொரு நாட்டில் இருக்கும் உறவினருக்கு அனுப்பிவிடுவது நம் குடும்பங்களில் அன்றாட வழக்கம். "புதுச்சேரி நேரம்" என்ற சொல் செய்தியிலேயே இருந்தால் அங்கே குழப்பம் வராது.

கிழமையும் ஊர் நேரத்திலிருந்துதான் வர வேண்டும். ஒருமுறை பெற்றோர் கூட்டத்தை இங்கே திங்கட்கிழமை காலை 6 மணிக்கு வைத்தோம். கோடைக்காலம் அது. மொன்றியலில் ஞாயிற்றுக்கிழமை இரவு 8.30. மணியை மட்டும் மாற்றிக் கிழமையை மாற்றாத செய்தியாக இருந்திருந்தால், அவர்கள் ஒரு நாள் கழித்து வந்து காத்திருப்பார்கள். "நாளை", "இன்று" என்ற சொற்களுக்கும் இதுவே விதி. பெறுபவரின் ஊரில் அப்போது என்ன தேதியோ அதை வைத்துத்தான் நிரல் அவற்றை எழுதுகிறது.

பெறுபவரின் மண்டலத்தை எப்படித் தெரிந்துகொள்வது? தொலைபேசி எண்ணின் நாட்டுக் குறியீட்டை நம்பக் கூடாது. +33 என்று தொடங்கும் பிரெஞ்சு எண்ணுடன் குளிர்காலம் முழுவதும் இலாசுப்பேட்டையில் தங்கும் தாத்தா பாட்டிகள் எங்களிடம் ஏராளம். +1 என்பதோ பல மண்டலங்களுக்குப் பொது. ஆகவே பதிவுப் படிவத்தில் "இப்போது எந்த ஊரில் இருக்கிறீர்கள்?" என்று மட்டும் கேட்கிறோம். விடையை ரெயூனியனுக்கு `Indian/Reunion`, மொன்றியலுக்கு `America/Toronto` என்பது போன்ற மண்டலப் பெயராகச் சேமிக்கிறோம். பாரிசுக்கும் யூடிசிக்கும் உள்ள வேறுபாட்டை "+2" என்று எண்ணாகச் சேமித்தால் அக்டோபரில் அது பொய்யாகிவிடும். இந்தியாவுக்கு `Asia/Kolkata` என்று எழுதுகிறோம். சில உலாவிகள் `Asia/Calcutta` என்ற பழைய பெயரைத் தரும். இரண்டும் ஒன்றே என்று நிரலுக்குச் சொல்லி வைக்க வேண்டும்.

தவறு நேர்ந்தால் அதன் அளவே காரணத்தைக் காட்டிக்கொடுக்கும். சரியாக ஒரு மணி நேரம் பிசகினால் கோடைக்கால நேரத்தைப் பாருங்கள். ஐந்தரை மணி நேரம் பிசகினால் இந்திய நேரத்தை யாரோ யூடிசி என்று பதிந்திருக்கிறார்கள். இரவு 8 மணி வகுப்பை யூடிசி 20:00 என்று பதிந்தால் புதுச்சேரிக்குப் பின்னிரவு 1.30 என்று செய்தி போகும். அதனால் அட்டவணையில் யாரும் யூடிசி நேரத்தைக் கையால் எழுத முடியாதபடி பூட்டி வைத்திருக்கிறோம்.

யூடிசி நேரங்களை ஆண்டு முழுவதற்கும் முன்கூட்டியே கணக்கிட்டுவிட்டு மறந்துவிடுவதும் ஆபத்து. நேர மண்டல விதிகளை அரசுகள் மாற்றுகின்றன. மெக்சிகோ 2022இல் நாட்டின் பெரும்பகுதியில் கோடைக்கால நேரத்தைக் கைவிட்டது. ஐரோப்பிய நாடாளுமன்றம் 2019இல் கடிகார மாற்றத்தை நிறுத்த வாக்களித்தது, ஆனால் அது நடைமுறைக்கு வரவில்லை. என்றாவது வந்தால் பாரிஸ் வகுப்புகளின் யூடிசி நேரங்கள் எல்லாம் மாறும். எனவே மண்டலத் தரவைப் புதுப்பித்ததும் இனி வரும் வகுப்புகள் அனைத்தையும் ஊர் நேரத்திலிருந்து மீண்டும் கணக்கிடுகிறோம். அப்படிச் செய்யும்போது ஒரே வகுப்புக்கு இரண்டு நினைவூட்டல்கள் போகாமலிருக்க, "அனுப்பியாயிற்று" என்ற குறியை வகுப்பின் எண்ணோடு இணைத்திருக்கிறோம், நேரத்தோடு இணைக்கவில்லை.

தீராத குறை ஒன்று உண்டு. அனுப்பிய செய்தி உறைந்துவிடும். பாரிஸ் நேரத்தைச் சுமந்த செய்தியைப் பெற்றவர் அன்றிரவே சென்னைக்கு விமானம் ஏறினால், இறங்கிய பிறகும் அதே 15:00தான் அவர் திரையில் இருக்கும். நாள்காட்டிக் கோப்பாக அனுப்பினால் கைபேசி தானே புதிய ஊர் நேரத்தைக் காட்டும். ஆனால் எங்கள் பெற்றோரில் பலர் அதைத் திறப்பதில்லை. எனவே பொங்கல் விடுமுறைக்கு முன்பும் பிரான்சின் கோடை விடுமுறைக்கு முன்பும் "ஊர் மாறுகிறீர்களா?" என்று ஒரு செய்தி அனுப்புகிறோம். ஊர்ப் பெயரைப் பதிலாக எழுதினால் மண்டலம் மாறிவிடும். பதில் எழுதாதவர்களை எங்களில் ஒருவர் அழைத்துக் கேட்கிறார்.