சுழலும் தட்டில் வெளிநோக்கி ஊரும் எறும்பு: முடுக்கத்தைக் கணக்கிட மூன்று வழிகள்

நிமிடத்திற்கு 33⅓ சுற்றுகள் சுழலும் இசைத்தட்டின் மேல், ஆரத்தின் வழியே மையத்திலிருந்து வெளிநோக்கி ஓர் எறும்பு ஊர்ந்து செல்கிறது. தட்டைப் பொறுத்து அதன் வேகம் `v` மாறாமல் வினாடிக்கு 2 செ.மீ. என்றும், இப்போது அது மையத்திலிருந்து 10 செ.மீ. தொலைவில் இருக்கிறது என்றும் கொள்வோம். தட்டின் கோணத் திசைவேகம் `ω` வினாடிக்கு 3.49 ரேடியன். எறும்பின் முடுக்கத்தை மூன்று வழிகளில் காணலாம். மூன்றும் ஒரே விடையைத் தருகின்றன என்றாலும், தவறு நேரக்கூடிய இடம் ஒவ்வொன்றிலும் வேறு.

முதல் வழி, தரையில் நின்று பார்ப்பது. எறும்பின் நிலையை ஆரத் தொலைவு `r`, கோணம் `θ` ஆகிய இரண்டால் குறித்து, இருமுறை வகையிட்டால் கிடைப்பவை இவை:

```
a_r = r̈ − r ω²
a_θ = r α + 2 v ω
```

எறும்பின் வேகமும் தட்டின் சுழற்சியும் மாறாததால், ஆர வேகம் மாறும் வீதமான `r̈`, கோண முடுக்கமான `α` இரண்டும் சுழி. ஆரத் திசையில் −1.22 மீ/வி², அதாவது மையத்தை நோக்கிய முடுக்கம். குறுக்குத் திசையில், தட்டு சுழலும் பக்கமாகவே, 0.14 மீ/வி².

அந்த 2 எங்கிருந்து வருகிறது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். எறும்பு வெளியே செல்லச் செல்ல அதன் சுற்றுவேகம் கூடுகிறது என்ற ஒரு காரணத்தை மட்டும் எண்ணுபவருக்கு `vω` மட்டுமே கிடைக்கும். விடை சரிபாதியாகக் குறைந்துவிடும். ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தை எடுத்துக்கொண்டு பார்த்தால் விடுபட்ட பாதி தெரிந்துவிடும். அந்த நேரத்தில் எறும்பு 10 செ.மீ.யிலிருந்து 10.2 செ.மீ.க்கு நகர்கிறது, அதன் சுற்றுவேகம் வினாடிக்கு 34.9 செ.மீ.யிலிருந்து 35.6 செ.மீ. ஆகிறது. இந்த 0.7 செ.மீ. மாற்றம் ஒரு பாதி. அதே நேரத்தில் தட்டு 20 பாகை திரும்புவதால், 2 செ.மீ. அளவுள்ள ஆரத் திசைவேகமும் அளவு மாறாமல் 20 பாகை திரும்புகிறது. அந்தத் திருப்பமும் குறுக்குத் திசையில் ஏறக்குறைய 0.7 செ.மீ. மாற்றத்தைத் தருகிறது. இரண்டையும் கூட்டி 0.1 வினாடியால் வகுத்தால் வினாடி வர்க்கத்திற்கு 14 செ.மீ. கிடைக்கிறது. அளவில் சமமாக இருந்தாலும் இவை இரண்டு தனித்தனி நிகழ்வுகள் என்பதை இந்த வழி கண்முன் காட்டுகிறது. முதன்முறை கற்பவருக்கு நான் இதையே பரிந்துரைப்பேன்.

இரண்டாம் வழி, தட்டோடு சேர்ந்து சுழன்றபடி பார்ப்பது. 1835-இல் கொரியோலிஸ் எழுதிய கட்டுரை, சுழலும் எந்திரங்களை இந்தக் கண்ணோட்டத்தில்தான் ஆராய்ந்தது. இங்கே எறும்பு நேர்கோட்டில் சீராகச் செல்வதால் அதன் முடுக்கம் சுழி. வெளிநோக்கிய மையவிலக்கு விசையையும், சுழற்சிக்கு எதிர்ப்பக்கமாகத் தள்ளும் கொரியோலிஸ் விசையையும் தட்டின் உராய்வு சமன்செய்கிறது. இசைத்தட்டு மேலிருந்து பார்க்க வலஞ்சுழியாகச் சுழல்வதால், வெளிநோக்கிச் செல்லும் எறும்பு தன்னை யாரோ இடப்பக்கமாகத் தள்ளுவதாக உணரும். கால்கள் பிடி இழந்தால் தட்டைப் பொறுத்து வெளிப்புறமாகவும், சற்றே இடப்பக்கமாகவும் வழுக்கத் தொடங்கும். பிடி எந்தப் பக்கம் விடும் என்ற கேள்விக்கு இதுவே விரைவான வழி. ஆனால் இரண்டு கண்ணோட்டங்களையும் கலந்துவிடக் கூடாது. எறும்பின் நிறை `m` எனில், சமன்பாட்டின் ஒரு பக்கத்தில் `2mvω` என்ற போலி விசையையும், மறுபக்கத்தில் `2vω` என்ற முடுக்கத்தையும் ஒருசேர எழுதினால் ஒரே விளைவை இருமுறை கணக்கில் சேர்த்ததாகிவிடும். தேவையான குறுக்கு உராய்வு இரட்டிப்பாகவோ, குறியைப் பொறுத்துச் சுழியாகவோ வந்தால் இந்தக் கலப்பு நேர்ந்திருக்கிறது என்று அறியலாம்.

மூன்றாவது, கோண உந்த வழி. எறும்பின் கோண உந்தம் `m r² ω`. அது மாறும் வீதம் `2 m r v ω`. இந்தத் திருப்புவிசையை ஆரத்தால் வகுத்தால் குறுக்கு விசை `2 m v ω` ஒரே வரியில் கிடைத்துவிடுகிறது. ஆர வர்க்கத்தை வகையிடும்போதே 2 தானாக வந்துவிடுவதால், அதை மறக்க வாய்ப்பே இல்லை. இருந்தாலும் ஆரத் திசை முடுக்கத்தைப் பற்றி இது ஒன்றும் சொல்லாது என்பதால், சரிபார்ப்பதற்கு மட்டுமே இதை வைத்துக்கொள்வது நல்லது.

10 செ.மீ. தொலைவில் மொத்த முடுக்கம் 1.23 மீ/வி², அது மையத்தை நோக்கிய கோட்டிலிருந்து சுழலும் பக்கமாக ஏறத்தாழ 6.5 பாகை மட்டுமே சாய்ந்திருக்கிறது. இங்கே `2vω` என்ற கொரியோலிஸ் உறுப்பை விட்டுவிட்டாலும் மொத்த அளவு அதிகம் கெடாது. மையத்திற்கு அருகே நிலைமை வேறு. `r ω²` ஆரத்தோடு குறைந்துகொண்டே வர, `2vω` மாறாமல் நிற்கிறது. 1.15 செ.மீ. தொலைவில் இரண்டும் சமமாகி, முடுக்கம் 45 பாகை சாய்கிறது. மையப் புள்ளியிலேயே, அங்குள்ள அச்சுமுனையைக் கருதாமல் விட்டால், ஆரத் திசை முடுக்கம் முற்றிலும் மறைந்து, குறுக்கான 0.14 மீ/வி² மட்டும் எஞ்சுகிறது. மையத்தில் முடுக்கம் சுழி என்று எழுதுபவர், அங்கே எறும்பு ஓய்வில் இல்லை, ஊர்ந்துகொண்டிருக்கிறது என்பதை மறந்துவிடுகிறார்.