59.6-ஆ, 72.4-ஆ? எக்செலின் இரண்டு பெர்சென்டைல்களோடு ஆறு வருடம்

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் மாத அறிக்கை தயாரிப்பது என் வேலை. மாதிரி வந்து சேர்ந்ததிலிருந்து முடிவு வெளியாகும்வரை எத்தனை நிமிடம் ஆனது என்று பார்த்து, அதன் 90-வது பெர்சென்டைலை எழுதுவோம். பத்தில் ஒன்பது முடிவுகள் எவ்வளவு நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தன என்பதுதான் அதன் பொருள். எங்கள் இலக்கு 60 நிமிடம்.

முதல் வருடத்திலேயே ஒரு சிக்கல் வந்தது. இரவு நேர அவசர மாதிரிகள் மொத்தம் பத்துதான்: 31, 34, 36, 38, 41, 43, 47, 52, 58, 74 நிமிடங்கள். எனக்கு 59.6 வந்தது, இலக்குக்குள். அதே பத்து எண்களை வைத்து உடன் வேலை செய்பவர் போட்ட கணக்கில் 72.4. எண்களை ஒவ்வொன்றாக ஒப்பிட்டோம், ஒன்றும் தவறில்லை. பிறகுதான் சூத்திரத்தைப் பார்த்தோம்.

```
=PERCENTILE.INC(A2:A11,0.9)   → 59.6
=PERCENTILE.EXC(A2:A11,0.9)   → 72.4
```

எக்செல் 2010-இல் இந்த இரண்டு பெயர்களும் வந்தன. பழைய `PERCENTILE` இன்றும் INC செய்வதையே செய்கிறது. கூகுள் ஷீட்ஸிலும் லிப்ரே ஆபீஸ் கால்க்கிலும் இதே கதைதான்.

இரண்டும் எண்களைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி, எத்தனையாவது இடத்தில் நிற்பது என்று முடிவு செய்கின்றன. அந்த இடத்தை எண்ணும் விதம்தான் வேறு. INC-க்குச் சிறிய எண் 0%, பெரிய எண் 100%. பத்து எண்களுக்கு நடுவே ஒன்பது இடைவெளிகள். அதில் 90% என்றால் 8.1 இடைவெளி நடக்க வேண்டும். முதல் எண்ணிலிருந்து புறப்படுவதால் 9.1-வது இடத்தில் நிற்போம். ஒன்பதாவது எண் 58, பத்தாவது 74. நடுவில் 16 நிமிடம், அதில் பத்தில் ஒரு பங்கு 1.6. ஆக 59.6. EXC-யோ நம் பத்து எண்களுக்கு அப்பாலும், இதைவிடச் சிறியதும் பெரியதும் இருக்கக்கூடும் என்று கருதுகிறது. அதனால் பதினொரு பங்காகப் பிரிக்கிறது. 11-இல் 90% 9.9. 58-உடன் 14.4 சேர்த்தால் 72.4. இரண்டுமே நியாயமான எண்ணம்தான், எதையும் பிழை என்று சொல்ல முடியாது.

எனக்கு வெகுநாள் கழித்துத்தான் உறைத்த விஷயம் ஒன்று உண்டு. 90-வது பெர்சென்டைலுக்கு இந்த இரண்டு இடங்களுக்கும் உள்ள தூரம் எப்போதும் 0.8 இடம்தான். பத்து எண்களில் 9.1-உம் 9.9-உம் என்றால், பகல் நேரத்தின் 400 எண்களில் 360.1-உம் 360.9-உம். தூரம் மாறவில்லை, அந்த இடத்தில் பக்கத்துப் பக்கத்து எண்கள் எவ்வளவு விலகி நிற்கின்றன என்பதுதான் மாறுகிறது. 400 எண்களில் 360-வதும் 361-வதும் பெரும்பாலும் ஒரே நிமிடமாகவே இருக்கும், அப்போது இரண்டு சூத்திரமும் ஒரே விடை தரும். இரவில் 58-க்கு அடுத்ததே 74 என்பதால்தான் 12.8 நிமிடம் பிளந்தது. 50%-இல் இந்தத் தூரம் பூஜ்யம். எங்கள் பத்து எண்களுக்கு இரண்டிலும் 42 வரும்.

EXC-இல் இன்னொன்று: அதே பத்து எண்களுக்கு 0.95 கொடுத்துப் பாருங்கள், `#NUM!` வரும். 11-இல் 95% 10.45. பத்தாவதுக்கு மேல் எண்ணே இல்லை, அதனால் சொல்ல மறுக்கிறது. INC தயங்காமல் 66.8 தரும். ஆரம்பத்தில் இந்த மறுப்பு எரிச்சலாக இருந்தது. இப்போது அதுதான் எனக்குப் பிடித்த குணம், தரவு போதவில்லை என்பதை அது முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறது.

வேறு மென்பொருளிலிருந்து எண் வந்தால் அது எந்த முறை என்று கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. 1 முதல் 10 வரை தட்டி, 90-வது பெர்சென்டைல் கேளுங்கள். 9.1 வந்தால் INC, 9.9 வந்தால் EXC. முழுசாக 9 வந்தால் பெரும்பாலும் நடுவில் எதையும் கணக்கிடாமல், இருக்கும் எண்களில் ஒன்றையே எடுத்துக்கொடுக்கும் முறை. ஆர் மொழி சொல்லாமலே செய்வது முதல் வகை, மினிடாப் செய்வது இரண்டாவது. மூன்றாவது வேண்டுமென்றால் எக்செலில் இப்படி எழுதலாம். எங்கள் எண்களுக்கு 58 வரும்.

```
=SMALL(A2:A11,ROUNDUP(0.9*COUNT(A2:A11),0))
```

நான் INC-யிலேயே நின்றுவிட்டேன், பழைய மாதங்களோடு ஒப்பிட முடிய வேண்டும் என்ற ஒரே காரணத்துக்காக. சூத்திரத்தின் பெயரையும் மாதிரிகளின் எண்ணிக்கையையும் எண்ணுக்குக் கீழேயே எழுதிவிடுகிறேன். இரவு நேரத்துக்கு இருபதுக்குக் குறைவாக மாதிரி இருந்தால் பெர்சென்டைல் போடுவதில்லை. எல்லா நிமிடங்களையும் வரிசையாக எழுதி, 60-ஐத் தாண்டியவற்றுக்குக் காரணம் சேர்க்கிறேன். அந்த 74 நிமிடத்துக்கு, உறைந்த மாதிரியைத் திரும்ப எடுக்க வேண்டி வந்ததுதான் காரணம்.