ஓனர் தரும் பில்லா, நானே போடும் செல்ஃப் இன்வாய்ஸா?

காட்பாடி ரோட்டில் எலக்ட்ரிகல் கடை வைத்திருக்கிறேன். வாடகை மாதம் 30,000. நான் ஜிஎஸ்டி பதிவு உள்ளவன், ரெகுலர் திட்டம். வாடகைக்கு 18 சதவீதம், அதாவது 5,400 ரூபாய் வரி எப்படியும் உண்டு. அதை யார் கட்டுவது என்பதில்தான் இரண்டு வழி.

ஓனர் பதிவு செய்தவர் என்றால் அவர் 35,400-க்கு பில் தருவார். அந்த 5,400 நான் கட்டும் விற்பனை வரியில் கழித்துக்கொள்ளும் வரவாகக் கிடைக்க, ஜிஎஸ்டி தளம் மாதாமாதம் தரும் கொள்முதல் பட்டியலான என் GSTR-2B-யில் பில் வர வேண்டும். சிக்கல் அங்கேதான். அவர் காலாண்டுக்கு ஒருமுறை ரிட்டர்ன் போடுபவராக இருந்து, இடையில் பில்களை ஏற்றாவிட்டால், ஏப்ரல் பில் ஜூலை 14 வாக்கில்தான் என் பக்கம் தெரியும். அதுவரை என் பணம் நிற்கும். அவர் போடவே இல்லையென்றால் வரவே கிடையாது.

ஓனருக்குப் பதிவு இல்லையென்றால் 2024 அக்டோபர் 10 முதல் ஆர்சிஎம், அதாவது அவருக்குப் பதில் வாடகைக்கு இருப்பவரே வரி கட்டும் முறை. அவருக்கு 30,000 மட்டும் கொடுத்து, வாடகைக்கு நானே செல்ஃப் இன்வாய்ஸ் போட்டு, 5,400-ஐ ரொக்கமாக அரசுக்குக் கட்ட வேண்டும். கையில் இருக்கும் வரவிலிருந்து கழிக்க முடியாது. ஆனால் கட்டிய அதே மாத ரிட்டர்னில் வரவாக எடுத்துக்கொள்ளலாம். விற்பனை வரி அந்த அளவுக்கு இருந்தால் அப்போதே நேராகிவிடும். ஏற்கெனவே வரவு தேங்கிக் கிடக்கிற கடைக்கு மட்டும் இது கைக்காசை முடக்கும்.

எனக்கு இரண்டாவது வழியே பிடிக்கிறது. வேலை ஒன்று கூடுதல்தான், ஆனால் இன்னொருவர் ரிட்டர்னுக்காகக் காத்திருக்க வேண்டாம். அதனால் எனக்காக ஓனரைப் பதிவு எடுக்கச் சொல்லவே மாட்டேன். விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்துக் கடைக்காரர்களுக்கு வரவு கிடையாது. ஆர்சிஎம்மும் 2025 ஜனவரி 16-லிருந்து இல்லை. பதிவில்லாத ஓனர் அவர்களுக்கு 18 சதவீத லாபம்.

எந்த வழி என்று ஓனரிடம் எழுத்தில் கேட்டுவிடுவது நல்லது. நான் அனுப்பியது இது:

“ஐயா, வணக்கம். கடை வாடகைக்கு ஜிஎஸ்டி பதிவு இருந்தால் நம்பரும், பில்லில் வரும் பெயரும் அனுப்புங்க. மாத ரிட்டர்னா, காலாண்டா என்றும் சொல்லுங்க. பதிவு இல்லையென்றால் ‘இல்லை’ என்று ஒரு வரி எழுதினாலே போதும், வரியை நானே கட்டிக்கிறேன்.”

ஒரு நம்பர் வந்தது. 33-ல் தொடங்கியது, தமிழ்நாடுதான். மூன்றாவது எழுத்திலிருந்து பன்னிரண்டாவது வரை பான் நம்பர். அக்ரிமென்டில் இருந்தது ஐயாவின் பான், இது வேறு. ஜிஎஸ்டி தளத்தில் தேடினால் மகன் நடத்தும் டைல்ஸ் கடை வந்தது. கட்டடம் ஐயா பெயரில், வாடகையும் அவர் கணக்குக்கே போகிறது. மகன் நம்பரில் பில் வாங்கி வரவு எடுத்தால் தணிக்கையில் நிற்காது.

திரும்பக் கேட்டேன். “என் பேர்ல ஜிஎஸ்டி எதுவும் இல்ல தம்பி” என்றார். அதை எழுதி வாங்கி அக்ரிமென்டோடு வைத்துவிட்டு, அந்த மாதமே செல்ஃப் இன்வாய்ஸ் போட்டேன்: 2,700 மத்திய வரி, 2,700 மாநில வரி.