இரண்டாவது கைதட்டல்: கைபேசி வீடியோவும் தனி ரெக்கார்டரும், மூன்று ஆண்டு அனுபவம்

மூன்று ஆண்டுகளாக நீண்ட நேர்காணல்களைக் கைபேசியில் படம்பிடித்து வருகிறேன். குரலை மட்டும், பேசுபவரின் காலரில் மாட்டிய மைக் வழியாக ஒரு சிறிய ரெக்கார்டரில் தனியே பதிவு செய்கிறேன். கைபேசி மூன்று மீட்டர் தள்ளி ஸ்டாண்டில் நிற்கும். அதன் மைக்கில் அறையின் எதிரொலிதான் அதிகம் விழும் என்பதால், இறுதி வடிவத்தில் அந்த ஒலியை வைத்துக்கொள்வதில்லை. ஆனால் படத்தை விட்டுக் குரல் எவ்வளவு விலகுகிறது என்று அளப்பதற்கு அதைவிட நல்ல துணை வேறில்லை. அது எப்படி என்பதற்குப் பிறகு வருகிறேன்.

தொடக்கத்தில் எல்லோரையும் போலவே ஒரே ஒரு கைதட்டலோடு பதிவைத் தொடங்கினேன். கேமராவைப் பார்த்து ஒருமுறை தட்டுவேன். எடிட்டிங்கில் இரண்டு ஒலிகளின் அலைவடிவத்திலும் அந்தக் கூர்முனையைத் தேடிப் பிடித்து ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்துவேன். முதல் ஐந்து நிமிடத்தை ஓட்டிப் பார்த்தால் உதட்டசைவும் குரலும் கச்சிதமாக ஒட்டியிருக்கும். அந்த நம்பிக்கையில் 52 நிமிட உரையாடல் ஒன்றை அப்படியே முடித்து அனுப்பினேன். பார்த்த நண்பர், “கடைசிப் பகுதியில் வாய் மூடிய பிறகு குரல் வருகிறதே” என்றார். சரிபார்த்தேன், அவர் சொன்னது உண்மைதான்.

காரணம் எளிது. ஒவ்வொரு கருவிக்குள்ளும் ஒரு குவார்ட்ஸ் படிகம் கடிகாரமாக இருக்கிறது. ஒலியை விநாடிக்கு 48,000 முறை அளந்து அத்தனை மாதிரிகளாகச் சேமிப்பதாக இரண்டு கருவிகளும் சொன்னாலும், ஒன்றின் விநாடியும் மற்றதன் விநாடியும் முற்றிலும் சமமாக இருப்பதில்லை. என் ரெக்கார்டர், கைபேசியின் ஒரு விநாடிக்குள் ஏறத்தாழ மூன்று மாதிரிகளைக் கூடுதலாக எண்ணிவிடுகிறது. கேட்பதற்கு ஒன்றுமே இல்லாதது போலத் தோன்றும் அந்த மூன்று, ஐம்பது நிமிடத்துக்கு மேல் சேர்ந்தபோது பத்தாயிரத்தைத் தாண்டிவிட்டது. ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல்!

அந்த நேர்காணலின் முதல் பாதி எனக்கு ஏன் சரியாகத் தெரிந்தது என்பதற்கும் விளக்கம் உண்டு. ஒலி படத்துக்கு முந்தினால் சுமார் 45 மில்லி விநாடியிலேயே மனிதர்கள் கண்டுகொள்கிறார்கள். பிந்தினால் சுமார் 125 வரை கவனிப்பதில்லை. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் BT.1359 பரிந்துரை தரும் எல்லைகள் இவை. தொலைவிலிருந்து வரும் ஒலி எப்போதும் காட்சிக்குப் பிந்தியே வந்து சேர்வதால், அதற்கு நாம் பழகியிருக்கிறோம். என் ரெக்கார்டர் ஒலி பிந்துகிற வகை. அரை மணி நேரம் வரை அந்த எல்லைக்குள் ஒளிந்திருந்து, அதன் பிறகு வெளியே வந்தது. தொடக்கத்தை மட்டும் ஓட்டிப் பார்த்துத் திருப்தியடைந்தது என் பிழை.

அன்றிலிருந்து பதிவின் முடிவிலும் ஒருமுறை தட்டுகிறேன். இந்த மூன்று ஆண்டுகளில் நான் செய்த மாற்றங்களிலேயே அதிகப் பலன் தந்தது இதுதான். ஒரு கைதட்டல் இரண்டு ஒலிகளையும் ஓர் இடத்தில் கட்டிப்போடும், அவ்வளவே. இரண்டு கைதட்டல்கள் இருந்தால் கையில் ஓர் அளவுகோல் கிடைத்துவிடுகிறது.

அளக்கும் முன் ஒரு சோதனை. கைபேசி வீடியோவை மட்டும், அதன் சொந்த ஒலியோடு, டைம்லைனில் போடுகிறேன். கடைசிக் கைதட்டலுக்குப் போய் ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்துகிறேன். ஒரு ஃபிரேமில் உள்ளங்கைகளுக்கு நடுவே இடைவெளி தெரியும். அடுத்ததில் கைகள் சேர்ந்து, விரல்கள் மங்கலாக இருக்கும். அந்த இரண்டு ஃபிரேம்களுக்கு அருகிலேயே கைபேசி ஒலியின் கூர்முனையும் இருந்தால் படம் நலமாக இருக்கிறது என்று பொருள். ஐந்தாறு ஃபிரேம் தள்ளியிருந்தால் கோளாறு வேறு. ரெக்கார்டரை எவ்வளவு திருத்தினாலும் அது தீராது.

இந்த இரண்டாவது கோளாறு, மாறும் ஃபிரேம் வேகம். பல கைபேசிகள் 30 ஃபிரேம் என்று சொல்லிக்கொண்டு, வெளிச்சம் குறைந்தால் வேகத்தைக் குறைத்துக்கொள்கின்றன. ஒவ்வொரு ஃபிரேமுக்கும் நேர முத்திரை இருப்பதால் கைபேசியிலேயே ஓட்டினால் எல்லாம் சரியாக இருக்கும். அந்த முத்திரையை மதிக்காமல் சீரான இடைவெளியில் ஃபிரேம்களை அடுக்கும் எடிட்டரில்தான் படம் ஒலியை விட்டு விலகும். மாலையில் எடுத்த ஒரு பதிவில் இதைத் தெரிந்துகொள்ளாமல் ரெக்கார்டர் ஒலியை வெட்டி வெட்டி நகர்த்தி ஒரு நாளை வீணாக்கினேன். MediaInfo நிரலில் கோப்பைத் திறந்தால் `Frame rate mode` என்ற வரியில் `Variable` என்று காட்டும். கைபேசிக் கோப்புகளில் பெரும்பாலும் அப்படித்தான் காட்டும் என்பதால், அந்தச் சொல்லைக் கண்டதும் பதறத் தேவையில்லை. மேலே சொன்ன கைதட்டல் சோதனையில் விலகல் தெரிந்தால் மட்டும் எடிட்டிங்குக்கு முன் ffmpeg என்ற கட்டளைவரி நிரலில் சீராக்கிவிடுகிறேன்:

```
ffmpeg -i phone.mp4 -vf fps=30 -c:v libx264 -crf 16 -c:a copy phone_cfr.mp4
```

படம் நலமாக இருக்கிறது என்று தெரிந்த பிறகு, அளவெடுப்பதற்குப் படத்தைப் பயன்படுத்துவதே இல்லை. 30 ஃபிரேம் வீடியோவில் ஒரு ஃபிரேம் 33 மில்லி விநாடி. கைகள் அதற்குள் எந்தக் கணத்தில் சேர்ந்தன என்பது படத்துக்குத் தெரியாது. கைபேசி ஒலிக்குத் தெரியும். எனவே கைபேசி ஒலியையும் ரெக்கார்டர் ஒலியையும் Audacity நிரலில் திறந்து, இரண்டு கைதட்டல்களையும் பெரிதாக்கிப் பார்க்கிறேன். உச்சத்தைக் குறிப்பதில்லை. மூன்று மீட்டர் தள்ளியிருக்கும் கைபேசியில் சுவரில் பட்டுத் திரும்பிய ஒலி உச்சமாக இருக்கலாம். காலர் மைக்கிலோ உச்சம் வெட்டுப்பட்டுத் தட்டையாக இருக்கலாம். அமைதியான கோடு முதன்முதலில் மேலே எழும்பும் அந்தப் புள்ளியைத்தான் குறிக்க வேண்டும்.

அந்த 52 நிமிடப் பதிவை எடுத்துக்கொள்வோம். நல்லவேளையாக, முடிவில் விருந்தினர் மகிழ்ந்து ஒருமுறை கைதட்டியிருந்தார், அதுவே இரண்டாவது குறியாக உதவியது. கைபேசியில் முதல் தட்டல் 12.400 விநாடியில், கடைசித் தட்டல் 3126.400 விநாடியில். இடைவெளி 3114.000. ரெக்கார்டரில் 31.150, 3145.368. இடைவெளி 3114.218. ரெக்கார்டர் 218 மில்லி விநாடி நீளம். பெரியதைச் சிறியதால் வகுத்தால் 1.00007 வருகிறது. ரெக்கார்டர் ஒலியை இந்த மடங்கு வேகமாக்க வேண்டும். எந்தப் பக்கம் திருத்துவது என்ற குழப்பம் எனக்கு நெடுநாள் இருந்தது. நீளமாக இருக்கும் ஒலியை வேகப்படுத்து என்று காகிதத்தில் எழுதி மேசையில் ஒட்டியிருக்கிறேன்.

திருத்துவதற்கு முன் நடுவிலும் ஓர் இடத்தைப் பார்த்துவிடுவது நல்லது. 26ஆவது நிமிடத்தை ஒட்டி யாரோ மேசையில் கண்ணாடித் தம்ளரை வைத்த ஓசை இரண்டிலும் விழுந்திருந்தது. அங்கே விலகல் 110 மில்லி விநாடி, ஏறக்குறையப் பாதி. விலகல் சீராக வளர்ந்திருக்கிறது, கடிகாரம்தான் காரணம் என்பது உறுதியாயிற்று. நடுவில் எதுவுமில்லாமல் பிற்பாதியில் திடீரென்று மொத்தமும் முளைத்திருந்தால், மெமரி கார்டு திணறி ஒரு துண்டு ஒலி விட்டுப்போயிருக்கும், அல்லது கோப்பு இரண்டாகப் பிரிந்த இடத்தில் பிசகியிருக்கும். அப்போது வேகத்தைத் தொடவே கூடாது. அந்த முறிவைக் கண்டுபிடித்து, அங்கே வெட்டி, பிற்பகுதியை மட்டும் நகர்த்த வேண்டும்.

வேகத் திருத்தத்துக்கு நான் பயன்படுத்துவது sox என்ற கட்டளைவரி நிரல்:

```
sox recorder.wav fixed.wav speed 1.00007
```

இதில் சுருதியும் மாறும். ஆனால் மாற்றம் ஓர் அரைச் சுருதியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே, எந்தக் காதுக்கும் எட்டாது. சுருதியை மாற்றாமல் நீளத்தை மட்டும் மாற்றும் வசதியைத் தவிர்க்கிறேன். அது ஒலியைத் துண்டுதுண்டாக நறுக்கி ஒட்டுவதால், இவ்வளவு சிறிய திருத்தத்துக்கு வீண் பூச்சு. சில எடிட்டர்களில் வேகத்தை இரண்டு தசம இடங்களுக்கு மேல் கொடுக்க முடியாது. 100.01 என்று கொடுத்தால் எதிர்ப்பக்கம் 93 மில்லி விநாடி தள்ளிவிடும். ஒலி முந்திக்கொள்ளும், அது முன்னதைவிட மோசம். அத்தகைய எடிட்டர் மட்டுமே கையில் இருந்தால், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பேச்சின் இடைவெளியில் வெட்டி 42 மில்லி விநாடி முன்னே இழுப்பதே மேல்.

திருத்திய ஒலியை முதல் கைதட்டலில் மீண்டும் பொருத்தி, கடைசிக் கைதட்டலில் சரிபார்க்கிறேன். சில மில்லி விநாடிகளுக்குள் நின்றால் போதும். பிறகு கைபேசி ஒலியை முழுவதும் அணைத்துவிட வேண்டும். கொஞ்சம் ஓடட்டும் என்று விட்டால் குரல் குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல ஆகிவிடும்.

நீண்ட நாள் பழக்கத்தில் தெரிந்த இன்னும் சில. இரண்டு கைதட்டல்களும் ஒரே இடத்திலிருந்து வர வேண்டும். ஒலி ஒரு மீட்டரைக் கடக்க மூன்று மில்லி விநாடி ஆகும். முதலில் விருந்தினர் அருகிலும் கடைசியில் கைபேசி அருகிலும் நின்று தட்டினால் அந்த வித்தியாசம் கணக்கில் கலந்துவிடும். எடிட்டிங்கில் புளூடூத் ஹெட்போன் வேண்டாம். அதன் தாமதத்தை ஒலியின் பிழை என்று நினைத்து, சரியாக இருந்த ஒரு கோப்பையே ஒருமுறை கெடுத்தேன். வயருள்ள ஹெட்போனில் கேட்டபோதுதான் தெரிந்தது.

என் கைபேசிக்கும் ரெக்கார்டருக்கும் உள்ள கடிகார வித்தியாசம் ஒவ்வொரு முறையும் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே வருகிறது. வெப்பநிலையால் கடைசி இலக்கம் சற்று அசையும். அதனால் ஒவ்வொரு பதிவிலும் வகுத்துக் கிடைத்த எண்ணைக் குறித்து வைக்கிறேன். முடிவுத் தட்டலுக்குள் விருந்தினர் மைக்கைக் கழற்றிவிட்ட நாட்களில் பழைய எண்ணே கைகொடுத்திருக்கிறது. ஆனால் நடுவில் ரெக்கார்டரை நிறுத்தி மீண்டும் தொடங்கினால் எந்தப் பழைய எண்ணும் போதாது. வேகம் தெரிந்தாலும் புதிய கோப்பு எங்கே தொடங்குகிறது என்பது தெரியாது. ஒவ்வொரு தொடக்கத்துக்கும் புதிதாக ஒரு தட்டல் வேண்டும்.